மேசையில் வெள்ளை வளையம்: மேலாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா?

ஜன்னலோரம் | மார்ச் 4, இரவு 9.40

வெளிநாட்டில் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறேன். அறையில் இருந்த மின்கெட்டிலை அதன் தட்டிலிருந்து எடுத்து எழுதும் மேசை மேல் வைத்துவிட்டேன், பிளக் அங்கேதான் இருந்தது. கொதித்து முடிந்து எடுத்தபோது மேசையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வளையம். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

கதவின் பின்புறம் லேமினேட் செய்த அறிவிப்பு ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த ஊர் மொழியில்தான் உள்ளது, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. போனில் படம் எடுத்து மொழிபெயர்த்தேன். பொருள்களைச் சேதப்படுத்தினால் விருந்தினர் கட்ட வேண்டிய தொகைகளின் பட்டியல் அது. மேசை என்ற வரிக்கு நேரே 12.500 என்று வந்தது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அறை வாடகையோடு ஒப்பிட்டால் பல இரவுகளுக்கான பணம் அது.

நாளை காலை மேலாளரிடம் கொடுக்க இதை எழுதி வைத்திருக்கிறேன்:

"நான் உங்கள் மேசையைப் பாழாக்கிவிட்டேன். மிகவும் வருந்துகிறேன். அறிவிப்பில் உள்ள முழுத் தொகையையும் கட்டுகிறேன். நீங்கள் எவ்வளவு சொன்னாலும் தருகிறேன். தயவுசெய்து மன்னியுங்கள்."

இது போதுமா? உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தத் தொகையை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நேர்வழக்கு | மார்ச் 4, இரவு 10.05

கொடுக்கவே கொடுக்காதீர்கள். மன்னிப்பு என்று எழுத்தில் தந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அப்புறம் அவர்கள் கேட்பதுதான் தொகை. பேசாமல் அறையைக் காலி செய்யுங்கள். அவர்களே கண்டுபிடித்துக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கிளிஞ்சல் | மார்ச் 4, இரவு 10.20

மேசைக்கு இவ்வளவு கேட்கும் மேலாளருக்கு நீங்கள் ஏன் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்? அவர்தான் உங்களிடம் கேட்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஜன்னலோரம் | மார்ச் 4, இரவு 10.31

கிளிஞ்சல், இன்னும் யாரும் என்னிடம் பணம் கேட்கவில்லை, நானும் எதுவும் கட்டவில்லை. ஹோட்டலுக்கு விஷயமே தெரியாது. நேர்வழக்கு, சொல்லாமல் போவது எனக்குச் சரிப்படாது.

முன்மேசை | மார்ச் 4, இரவு 11.15

ஹோட்டல் வரவேற்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். இரவுப் பணி மேலாளராகவும் இருந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இப்படியே கொடுக்காதீர்கள். நேர்வழக்கு சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

மன்னிப்பு இருக்கட்டும். "முழுத் தொகையையும் கட்டுகிறேன்", "எவ்வளவு சொன்னாலும் தருகிறேன்" என்ற இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். நடந்ததற்கு வருந்துவது வேறு, ஒரு தொகைக்குச் சம்மதிப்பது வேறு. முதலாவதை இன்றே செய்யலாம். இரண்டாவதை, எதற்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் செய்ய வேண்டும். உங்களுக்கு அந்தத் தொகை உறுதியாகத் தெரியாது. போன் காட்டியது மட்டும்தான் தெரியும்.

சொல்லாமல் போகும் யோசனையால் உங்களுக்குத்தான் நஷ்டம். நீங்கள் போனதும் அறையைச் சுத்தம் செய்பவர் பார்ப்பார், மேற்பார்வையாளரிடம் சொல்வார், அவர் படம் எடுத்துப் பதிவேட்டில் எழுதுவார், அங்கிருந்து வரவேற்புக்குத் தகவல் வரும். அன்று மாலை அடுத்த விருந்தினர் வரவேண்டிய அறையாக இருந்தால், விற்க முடியாது என்று குறித்து வைக்க வேண்டியிருக்கும். அந்த எரிச்சலில் உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பவர் அதிலுள்ள பெரிய எண்ணைத்தான் எடுப்பார். நீங்கள் உள்ளே இருக்கும்போதே சொன்னால் பராமரிப்பு ஆளை அனுப்பிப் பார்க்க நேரம் கிடைக்கும். நான் கட்டணத்தைத் தள்ளுபடி செய்த விருந்தினர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே வந்து சொன்னவர்கள்.

அப்புறம், அந்தப் படத்தை இங்கே போடுங்கள். ஹோட்டல் பெயர் தெரியாமல் மறைத்துவிட்டு.

ஜன்னலோரம் | மார்ச் 4, இரவு 11.40

போட்டிருக்கிறேன். செக் அவுட் 7-ஆம் தேதி.

முன்மேசை | மார்ச் 5, அதிகாலை 12.10

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சிக்கல்கள் தெரிகின்றன.

ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள். லேமினேஷனில் ஒளி பட்டு வலது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, அதற்கடியில் குறைந்தது இரண்டு வரிகளின் எண்கள் மறைந்துவிட்டன. அறிவிப்பின் அடிப்பகுதி படத்தில் இல்லை. மேலே ஒரு வரியில் சிறிய நட்சத்திரக் குறி இருக்கிறது, அதற்கான குறிப்பு அடியில்தான் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். சாய்வாக எடுத்திருக்கிறீர்கள். பட்டியலில் இடப்பக்கம் பொருளின் பெயர், வலப்பக்கம் தொகை. சில பெயர்கள் இரண்டு வரிக்கு நீள்கின்றன. சாய்ந்த படத்தில் செயலி இடப்பக்கத்து இரண்டாம் வரியை வலப்பக்கத்து அடுத்த தொகையோடு சேர்த்துவிடும். அதன் பிறகு கீழே உள்ள எல்லாமே ஒரு படி இறங்கிவிடும். மொழிபெயர்ப்பு வாக்கியமாகப் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், அதனால் சந்தேகமே வராது.

ஃபிளாஷை அணைத்துவிட்டு, பக்கவாட்டு விளக்கை மட்டும் போட்டு, அறிவிப்புக்கு நேரே நின்று எடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியாக வெட்டித் தனித்தனியே மொழிபெயர்க்கவும். எண்களை மொழிபெயர்ப்பில் படிக்காதீர்கள், படத்திலேயே கண்ணால் படியுங்கள்.

பேரேடு | மார்ச் 5, காலை 7.20

கணக்கு வேலையில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 12.500 என்பது பன்னிரண்டரையா, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறா? பல நாடுகளில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள், நம் வழக்கத்துக்கு நேர் எதிர். பணத்தில் தசமத்துக்குப் பின் பொதுவாக இரண்டு இலக்கம்தான் வரும், எனவே மூன்று இலக்கம் இருந்தால் பெரும்பாலும் ஆயிரம்தான். ஆனால் குவைத், பஹ்ரைன், ஜோர்டான், துனீசியா தினார்களுக்கும் ஓமன் ரியாலுக்கும் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கங்கள் உண்டு. அங்கே 12.500 என்றால் பன்னிரண்டரைதான்.

சந்தேகம் வந்தால் பட்டியலின் மற்ற வரிகளைப் பாருங்கள். அறைச் சாவி அட்டைக்கு என்ன போட்டிருக்கிறார்கள்? அதுதான் பட்டியலிலேயே மலிவான பொருளாக இருக்கும்.

ஜன்னலோரம் | மார்ச் 5, காலை 8.05

சாவி அட்டைக்கு 90. அப்படியானால் மேசை பன்னிரண்டரை இல்லை, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுதான். பன்னிரண்டரையாக இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

இழைப்புளி | மார்ச் 5, காலை 8.30

மர வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் பட்டியலைப் பார்க்கிறீர்கள், மேசையை யாரும் பார்க்கவில்லை.

தம்பி, வளையம் வெள்ளையா, கறுப்பா? வெள்ளை என்றால் சூடும் நீராவியும் பாலிஷ் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டன, மரத்தைத் தொடவில்லை. அப்படிப்பட்டதைப் பெரும்பாலும் பாலிஷ்காரர் சரிசெய்துவிடுவார். மரம் மாற்ற வேண்டியதில்லை. கறுப்பாக இருந்தால் ஈரம் மரத்துக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், வேலை அதிகம்.

நகத்தை மெதுவாக வளையத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். சமமாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தால் அது மரப் பாலிஷ் இல்லை, பலகை மேல் ஒட்டிய தாள் அல்லது லேமினேட். உப்பியது திரும்ப ஒட்டாது, மேல்பலகையையே மாற்ற வேண்டி வரலாம்.

நீங்களாக எதுவும் தேய்க்காதீர்கள். இணையத்தில் பற்பசை, சாம்பல், அயர்ன் பாக்ஸ் என்று ஆயிரம் சொல்வார்கள். அரக்குப் பாலிஷாக இருந்தால் சூடும் ஸ்பிரிட்டும் பட்டவுடனே இளகிவிடும். ஒரு வளையம் ஒரு பெரிய மங்கலாக மாறும், அப்புறம் மேசை முழுவதும் மெருகு போட வேண்டும்.

ஜன்னலோரம் | மார்ச் 5, காலை 8.52

வெள்ளைதான். நகத்துக்குத் தட்டுப்படவில்லை, சமமாக இருக்கிறது.

நேர்வழக்கு | மார்ச் 5, காலை 9.10

மரம் எப்படியோ இருக்கட்டும், "மன்னியுங்கள்" என்ற சொல் எழுத்தில் இருக்கக்கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வாகன விபத்தில் காப்பீட்டுக்காரர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

முன்மேசை | மார்ச் 5, காலை 10.00

நேர்வழக்கு, காப்பீட்டில் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் எல்லா இடத்துக்கும் அதை நீட்ட முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2006-இலேயே மன்னிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஹாங்காங்கில் 2017 டிசம்பரில் ஒன்று நடைமுறைக்கு வந்தது. உரிமையியல் வழக்கில், மன்னிப்புக் கேட்டதையே தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இரண்டின் சாரம். மக்கள் வழக்குக்குப் பயந்து வருத்தம் சொல்லாமலே போகிறார்கள் என்பதால்தான் கொண்டுவந்தார்கள். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, அதனால் நீங்கள் சொல்வதில் பாதி நிற்கிறது.

ஆனால் இங்கே மறைக்க என்ன இருக்கிறது? மூடிய அறை, ஒரே விருந்தினர், அடிப்பாகம் வட்டமான கெட்டில், வட்டமான வளையம். "நான் செய்யவில்லை" என்று யார் நம்புவார்? எவ்வளவு என்பது ஒன்றுதான் கேள்வி. அதில்தான் வார்த்தையைக் கவனமாக வைக்க வேண்டும்.

மழைத்தூறல் | மார்ச் 5, பகல் 1.25

என் அனுபவம். ஒரு விடுதியில் திரைச்சீலையில் சிகரெட் சுட்ட ஓட்டை. நான் புகை பிடிப்பதே இல்லை. ஊருக்கு வந்த பிறகு கார்டில் பணம் எடுத்திருந்தார்கள். கேட்டால், நீங்கள் போன அன்று எடுத்த படம் இது என்றார்கள். நான் அறைக்குள் நுழைந்த அன்று எடுத்த படம் என்னிடம் இல்லை. மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினேன், ஒரு பைசா திரும்பவில்லை. இப்போதெல்லாம் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் அறையைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிடுகிறேன். நீங்களும் மேசை முழுவதையும் எடுங்கள், வளையத்தை மட்டும் எடுக்காதீர்கள். வேறு கீறல் இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் | மார்ச் 5, மாலை 6.30

முன்மேசை சொன்னபடி மறுபடி எடுத்து, வரி வரியாக வெட்டி மொழிபெயர்த்தேன். 12.500 மேசைக்கு உரியதே இல்லை. மெத்தைக்கு உரியது. மெத்தையின் பெயர் இரண்டு வரிக்கு நீண்டிருக்கிறது, அதன் தொகை கீழே இறங்கி மேசையின் தலையில் ஏறிவிட்டது. மேசை, அலமாரி, நாற்காலி மூன்றையும் சேர்த்து ஒரே வரிதான், அதற்கு நேரே எண்ணே இல்லை. "பழுதுபார்க்கும் உண்மையான செலவின்படி" என்று வருகிறது, பக்கத்தில் அந்த நட்சத்திரம்.

நட்சத்திரக் குறிப்பு அடியில் கதவுச் சட்டத்தின் ஓரத்தில் பாதி தேய்ந்திருக்கிறது. அதில் ஒரு சதவீதம் இருக்கிறது. இலக்கம் 10-ஆ 70-ஆ என்று தெரியவில்லை, எதன் சதவீதம் என்பதும் புரியவில்லை.

இன்று காலை அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால், மேசைக்கு இல்லாத ஒரு தொகையை நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

முன்மேசை | மார்ச் 5, மாலை 7.10

தேய்ந்த குறிப்பை ஊகிக்காதீர்கள். அந்தப் படத்தையே கடிதத்தோடு வைத்து, இதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். சேவைக் கட்டணமாக இருக்கலாம், வரியாக இருக்கலாம், அவர்கள் வாயால் வரட்டும்.

கடிதத்தில் அறை எண், தேதி, நேரம், என்ன செய்தீர்கள், என்ன ஆனது, அதன் பிறகு என்ன செய்தீர்கள், இவ்வளவும் வேண்டும். துணியால் துடைத்ததையும் எழுதுங்கள், பராமரிப்பு ஆளுக்குத் தேவைப்படும். மன்னிப்பு ஒரே ஒருமுறை போதும், திரும்பத் திரும்ப வந்தால் படிப்பவருக்கு விஷயம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பிறகு அறிவிப்பை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்லி, சரியா என்று கேளுங்கள். கடைசியாகப் பணம்.

இன்னொன்று. கடிதத்தை நீங்கள் தமிழில் எழுதி, அதே செயலி வழியாகத்தான் அவர்கள் மொழிக்கு மாற்றப் போகிறீர்கள். நம் பேச்சில் எழுவாயை விட்டுவிடுவோம், "வைத்துவிட்டேன், எடுத்தபோது பார்த்தால்" என்று போவோம். செயலி யாரையாவது உள்ளே நுழைத்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்திலும் நான், மேசை, கெட்டில் என்று பெயர் சொல்லுங்கள். சிறு வாக்கியமாக வையுங்கள். மாற்றியதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எண்ணும் தேதியும் மாறாமல் வருகின்றனவா என்பதை முக்கியமாகப் பாருங்கள்.

பேரேடு | மார்ச் 5, இரவு 8.00

ஒருவேளை மேல்பலகையையே மாற்றணும் என்று சொன்னால், தேய்மானத்தைக் கேளுங்கள். ஒரு மேசைக்குப் பத்து வருட ஆயுள் என்று வைத்து, ஆறு வருடம் ஆகிவிட்டிருந்தால், புது விலை 100 பங்கு என்றால் மிஞ்சிய மதிப்பு 40 பங்குதான். பழைய மேசைக்குப் புது மேசை வாங்கிக் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

முன்மேசை | மார்ச் 5, இரவு 8.25

கணக்கு சரி. ஆனால் பல ஹோட்டல்கள் இதை ஏற்காது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அறை முழுவதும் ஒரே நிறத்தில் செய்த மரச்சாமான், ஒன்றை மட்டும் மாற்றினால் அது தனியாகத் தெரியும். மேசை ஆறு வருடம் பழையதாக இருந்தாலும் அவர்கள் கையிலிருந்து போவது புது மேசையின் பணம்.

பேரேடு | மார்ச் 5, இரவு 8.40

அந்தப் பணத்தில் நான்கு வருடம் கழித்து எப்படியும் செலவாக வேண்டியதும் சேர்ந்திருக்கிறதே. அதை விருந்தினர் தலையில் வைப்பது எந்தக் கணக்கிலும் வராது. நான் ஏற்கமாட்டேன்.

ஜன்னலோரம் | மார்ச் 5, இரவு 10.50

இப்போதைய கடிதம் இது. தமிழிலும் அவர்கள் மொழியிலும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.

"மதிப்பிற்குரிய மேலாளருக்கு,

நான் 307-ஆம் அறையில் தங்கியிருக்கிறேன். மார்ச் 4 அன்று இரவு சுமார் 8 மணிக்கு நான் சூடான கெட்டிலை எழுதும் மேசையின் மேல் நேரடியாக வைத்தேன். இப்போது அந்த மேசையில் ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது. இது என் கவனக்குறைவால் நடந்தது. நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வளையத்தின் அகலம் சுமார் 14 செ.மீ. நான் மேசையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன். நான் வேறு எதையும் பயன்படுத்தவில்லை. முதல் படத்தில் முழு மேசையும் இரண்டாம் படத்தில் வளையமும் உள்ளன.

எனக்கு உங்கள் மொழி தெரியாது. நான் கதவில் உள்ள அறிவிப்பைப் போன் மூலம் மொழிபெயர்த்தேன். மூன்றாம் படத்தில் நான் வட்டமிட்ட வரி மேசையைப் பற்றியது என்று புரிந்துகொண்டேன். அந்த வரியில் 'பழுதுபார்க்கும் உண்மையான செலவு' என்று உள்ளதாகப் புரிந்துகொண்டேன். இது சரியா? நட்சத்திரக் குறிப்பை என்னால் படிக்க முடியவில்லை. அதன் பொருளை எனக்குச் சொல்லுங்கள்.

மேசையைச் சரிசெய்ய ஆகும் நியாயமான செலவை நான் தருகிறேன். நீங்கள் தொகையையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். நான் அதைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு என் கார்டில் பணம் எடுங்கள். நான் மார்ச் 7 வரை இங்கே இருப்பேன். உங்கள் ஊழியர் எப்போது வேண்டுமானாலும் மேசையைப் பார்க்கலாம்."

இழைப்புளி | மார்ச் 5, இரவு 11.05

"வெள்ளை வளையம், மேற்பரப்பு சமமாக உள்ளது" என்று ஒரு வரி சேருங்கள். பாலிஷ்காரர் அதைப் படித்தாலே என்ன எடுத்து வர வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

நேர்வழக்கு | மார்ச் 5, இரவு 11.20

"கவனக்குறைவால்" என்பதை எடுத்துவிட்டால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். மற்றபடி பணம் பற்றிய பத்தி நன்றாக இருக்கிறது, ஒப்புதலுக்குப் பிறகு எடுங்கள் என்பது முக்கியமான வரி.

ஜன்னலோரம் | மார்ச் 6, பகல் 12.15

கொடுத்துவிட்டேன். "கவனக்குறைவால்" இருக்கிறது, அது உண்மை. இழைப்புளியின் வரியும் சேர்ந்தது. மேலாளர் படித்துவிட்டு மேசையைப் பார்க்க ஆள் அனுப்பினார். அறிவிப்பைப் பற்றி நான் புரிந்துகொண்டது சரி. நட்சத்திரக் குறிப்பு 10 சதவீதம், வெளியாளை வரவழைத்தால் அவர் பில்லின் மேல் போடும் நிர்வாகக் கட்டணம். கதவில் அது படிக்க முடியாமல் இருக்கிறது என்று சொன்னதற்கு அவர் நன்றி சொன்னார், மாற்றி ஒட்டுகிறேன் என்றார்.

ஜன்னலோரம் | மார்ச் 7, காலை 11.30

பாலிஷ்காரர் நேற்று மாலை வந்தார், ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். பில்லின் நகல் கொடுத்தார்கள். 10 சதவீதத்தைப் போடவில்லை, நான் கேட்கவும் இல்லை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் வளையத்தின் ஓரம் லேசாகத் தெரிகிறது, அதை மேலாளரிடமும் காட்டினேன், அவர் பரவாயில்லை என்று எழுத்தில் தந்துவிட்டார். பில் தொகையைத் தனி ரசீதாகக் கட்டிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். வந்த அன்று கார்டில் பிடித்து வைத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. அதிலிருந்தும் எடுப்பார்களா?

மழைத்தூறல் | மார்ச் 7, பகல் 2.00

எடுப்பார்கள், எனக்கு எடுத்தார்களே. கார்டை முடக்கிவிடுங்கள்.

முன்மேசை | மார்ச் 7, மாலை 4.45

முடக்க வேண்டாம், அவசரப்படாதீர்கள். அது பணம் எடுத்தது இல்லை, எடுக்க இடம் ஒதுக்கி வைத்தது. ஹோட்டல் விடுவித்தாலும் உங்கள் வங்கி அதைக் கணக்கில் காட்ட நாளாகலாம், வங்கிக்கு வங்கி மாறும். வங்கிச் செயலியில் அது "நிலுவை" என்று தெரிகிறதா, "முடிந்தது" என்று தெரிகிறதா என்று பாருங்கள். நிலுவை என்றால் காத்திருக்கலாம். முடிந்தது என்று மாறினால், தனி ரசீதையும் மேலாளர் எழுதித் தந்ததையும் இணைத்து அன்றே ஹோட்டலுக்கு எழுதுங்கள், பிறகு வங்கிக்கு.

ஜன்னலோரம் | மார்ச் 7, மாலை 5.20

நிலுவை என்றுதான் இருக்கிறது.

ஜன்னலோரம் | மார்ச் 16, காலை 9.00

நிலுவை மறைந்துவிட்டது, எதுவும் எடுக்கவில்லை. முன்மேசை, இழைப்புளி, பேரேடு மூவருக்கும் நன்றி. மழைத்தூறல், உங்கள் திரைச்சீலைப் பணத்துக்கு வங்கியில் மறுப்பு மனு கொடுத்தீர்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.